இன்வர்ட்டர் பேட்டரில தண்ணி ஊத்துன கையோட கிராவிட்டி பார்த்து "பேட்டரி போச்சு"னு சொல்றாங்க, உஷாரா இருங்க

கும்பகோணத்துல எங்க அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும் தான் இருக்காங்க. 2024 மே மாசம் அவங்க வீட்ல நடந்ததை எழுதுறேன், ஏன்னா அவங்கள ஏமாத்துன ஆள் அதே தெருவுல இன்னும் நாலு வீட்ல வேலைய காட்டியிருக்கான், இப்போ வேற ஏரியாவுலயும் சுத்துறான்னு கேள்விப்பட்டேன்.

வீட்ல இருந்தது 150 ஏஎச் டால் டியூபுலர் பேட்டரி, 2021 ஆகஸ்ட்ல வாங்குனது. மே மாசம் பேக்கப் குறைஞ்சு போச்சுன்னு அம்மா சொல்லிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பார்த்து "இன்வர்ட்டர் கம்பெனில இருந்து பேசுறோம், சம்மர் ஃப்ரீ செக்கப்"னு ஒரு போன். எந்த கம்பெனின்னு பேரே சொல்லல, அப்பாவும் நம்ம வாங்குன கடைக்காரங்க தான் போலன்னு வரச்சொல்லிட்டார்.

வந்தவன் பேட்டரி மேல இருக்கற ஆறு ஃப்ளோட்டையும் பார்த்தான், எல்லாமே சிவப்புக்கு கீழ. உண்மை தான், தண்ணி வத்திருந்துச்சு. கேன் கேனா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனான். ஊத்தி முடிச்ச கையோட, கிராவிட்டி அதாவது ஆசிட் எவ்வளவு கனம்னு அளக்கற ஹைட்ரோமீட்டர உள்ள விட்டு உறிஞ்சி அப்பா கண்ணு முன்னாடி தூக்கி காட்டிருக்கான், உள்ள இருக்கற மிதவை அடியில போய் உக்காந்துடுச்சு. "பாருங்க சார், ஆறு செல்லுமே டெட். இத வெச்சு சார்ஜ் போட்டீங்கன்னா வெடிச்சிரும்"னு ஒரு பிட்டு. வயசானவங்க வேற என்ன பண்ணுவாங்க, பயந்துட்டாங்க.

இங்க தான் விஷயமே இருக்கு. பேட்டரிக்குள்ள இருக்கறது சல்ஃப்யூரிக் ஆசிட் கலந்த தண்ணி. ஆசிட் கனம், சுத்தமான தண்ணி லேசு. நீங்க மேல ஊத்துற தண்ணி உடனே போய் ஆசிட்டோட கலக்காது, மேலயே நிக்கும். ஹைட்ரோமீட்டரோட மூக்கு எட்டுற எடமும் அந்த மேல் பகுதி தான். அப்போ அவன் உறிஞ்சினது பாதிக்கு மேல அவன் ஊத்துன தண்ணியே, அதுல மிதவை மூழ்காம என்ன செய்யும். நேத்து தயாரான புது பேட்டரில தண்ணி ஊத்தி அடுத்த நிமிஷம் பார்த்தாலும் கிராவிட்டி கம்மியா தான் காட்டும். தண்ணி ஊத்துன பிறகு ஃபுல் சார்ஜ் ஏறணும், சார்ஜ் ஏறும்போது கடைசியில வர்ற குமிழி தான் உள்ள இருக்கறத கலக்கி விடும். அதுக்கப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் சும்மா விட்டு பார்க்கறது தான் கணக்கு. நல்ல டியூபுலர் பேட்டரின்னா ஃபுல் சார்ஜ்ல 1240 பக்கம் நிக்கும் (1.240ன்றத மெக்கானிக் எல்லாம் 1240ன்னு தான் சொல்லுவாங்க). 1150 பக்கம் வந்தா அது எறங்கிப்போன பேட்டரி, அதுக்காக செத்துப்போன பேட்டரின்னு அர்த்தம் இல்ல, சார்ஜ் போட்டு திரும்ப பாத்துட்டு தான் பேசணும்.

பேக்கப் குறைஞ்சதுக்கும் காரணம் அந்த தண்ணி தான். தண்ணி வத்துனா பிளேட்டோட மேல் பகுதி வெளிய தெரியும், வெளிய தெரியற பகுதி கரண்ட் குடுக்காது. ரொம்ப நாள் அப்படியே விட்டா அந்த பகுதி இறுகிப்போய் திரும்ப வராது, அது வேற. ஆனா எங்க வீட்டுது அந்த அளவுக்கு போகலைன்னு எப்படி தெரியும்னா, அத கடைசியில சொல்றேன், கேட்டா கடுப்பாவீங்க.

அவன் வண்டியிலயே "புது" பேட்டரி ரெடியா இருந்துச்சு. 16,000 ரூபா, பழசுக்கு 2,500 கழிச்சு 13,500 வாங்கிட்டு மாட்டிட்டு போயிட்டான். பில்லுன்னு குடுத்தது ஒரு வெள்ளைத்தாள், ஜிஎஸ்டி நம்பர் இல்ல, சீரியல் நம்பர் இல்ல. இதுல உச்சம் என்னன்னா பழைய பேட்டரிக்கு 36 மாசம் ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட் வாரண்டி இருந்துச்சு, கார்டு பீரோவுல பத்திரமா இருக்கு, ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருந்துச்சு. நிஜமாவே செத்திருந்தாலும் கடைல குடுத்து சும்மாவே மாத்தியிருக்கலாம்.

நான் ஊருக்கு போனப்போ கரண்ட் போச்சு, ஒன்றரை மணி நேரத்துல இன்வர்ட்டர் கத்த ஆரம்பிச்சிடுச்சு. வீட்டு லோட் என்ன, மூணு ஃபேன் ஒவ்வொண்ணும் 70 வாட்ஸ், நாலு எல்இடி லைட், வைஃபை பெட்டி, எல்லாம் சேர்த்து 250 வாட்ஸ். 12 வோல்ட்ட 150ஆல பெருக்குனா 1800, அத 250ஆல வகுத்தா ஏழு மணி நேரம்னு வரும், ஆனா அது பேப்பர் கணக்கு. 150 ஏஎச்ன்றதே 20 மணி நேரம் மெதுவா எறக்குனா கிடைக்கற அளவு, வேகமா எறக்குனா கம்மியா தான் வரும், இன்வர்ட்டர்ல வேற கொஞ்சம் வீணாகும். எல்லாம் போக நாலு மணி நேரமாவது வரணும், பழைய பேட்டரி நல்லா இருந்தப்போ வந்துட்டும் இருந்துச்சு. அப்பா கேட்டதுக்கு அவன் போன்ல "பத்து தடவ ஏறி எறங்குனா பிக்கப் ஆகும் சார்"னு சொல்லியிருக்கான். பொய்யின்னும் சொல்ல முடியாது, புது டியூபுலர் ஆரம்பத்துல சில சார்ஜ்ல கொஞ்சம் கூடும், ஆனா ஒன்றரை மணி நேரம் நாலு மணி நேரமாலாம் ஆகவே ஆகாது.

பேட்டரிய நகர்த்தி பார்க்கலாம்னு நானும் தம்பியும் தூக்குனோம், சுலபமா வந்துடுச்சு. அப்பவே சந்தேகம். பக்கத்து பழைய இரும்பு கடை தராசுல வெச்சோம், 38 கிலோ. 150 ஏஎச் டால் டியூபுலர்னா ஆசிட்டோட சேர்த்து மாடலப் பொறுத்து 50 கிலோவுக்கு மேல வரும், கம்பெனி கேட்டலாக்லயே எடை போட்டிருப்பாங்க. பேட்டரில கரண்ட்ட வெச்சுக்கறது ஈயம், ஈயம் கம்மின்னா எடையும் கம்மி பேக்கப்பும் கம்மி, ஸ்டிக்கர்ல 150ன்னு போட்டா 150 ஆயிடாது. ஸ்டிக்கர நகத்தால கிளப்புனா கீழ இன்னொரு ஸ்டிக்கரோட கோந்து. பெட்டில அடிச்சிருக்க வேண்டிய தயாரிப்பு கோடு இருந்த எடத்த உப்புத்தாள் போட்டு தேச்சிருக்காங்க, அந்த எடம் மட்டும் வெளுத்து தெரியுது. உயரமும் கம்மி. எங்கயோ ஓடி முடிஞ்ச ஃப்ளாட் பிளேட் பேட்டரிய ரீகண்டிஷன் பண்ணி தலைல கட்டியிருக்கான்.

இந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க. ஃப்ளாட் பிளேட்ல ஈயப் பசைய சட்டத்துல தடவியிருப்பாங்க, விலை கம்மி, அடிக்கடி கரண்ட் போற ஊர்ல சீக்கிரம் பசை உதிர்ந்து அடியில சேரும். டியூபுலர்ல பாசிட்டிவ் பிளேட் வரிசையா துணிக்குழாய், அதுக்குள்ள ஈயம், அதனால உதிராம நிக்கும். டால் மாடல்ல ஆசிட் நிக்க எடம் அதிகம், அதனால தண்ணி ஊத்துற வேலையும் கம்மி. மூடி திறக்கவே முடியாத எஸ்எம்எஃப் வேற சாதி, அதுக்கு தண்ணியே கிடையாது, அதுக்கும் "டாப்பப்"னு காசு கேட்டா ஆள வெளிய அனுப்பிடுங்க.

எதுத்த வீட்டு மாமாகிட்ட இதே ஆள் வேற ரூட்ல போயிருக்கான். அவங்க பேட்டரி ஆறு வருஷம் ஆனது, நிஜமாவே வயசாயிடுச்சு. அதுல தண்ணிக்கு பதிலா ஆசிட் ஊத்தி, கிராவிட்டி 1270 காட்டி, "உயிர் குடுத்துட்டேன்"னு 1,800 வாங்கிட்டு போயிட்டான். கொஞ்ச நாள் நல்லா ஓடுன மாதிரி இருந்து அப்புறம் மொத்தமா படுத்துடுச்சு. சார்ஜ் ஏறும்போது குறையறது தண்ணி மட்டும் தான், ஆசிட் உள்ளயே இருக்கும். அதனால ஊத்த வேண்டியதும் தண்ணி மட்டும் தான். ஆசிட் ஊத்துனா மீட்டர் ஏறும், பிளேட்டு அரிச்சு போகும்.

தண்ணிய நீங்களே ஊத்திக்கலாம், கஷ்டம் ஒண்ணும் இல்ல. இன்வர்ட்டர ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிட்டு, பக்கத்துல விளக்கு பீடி எதுவும் இல்லாம (உள்ள இருந்து ஹைட்ரஜன் வரும்), பச்சை கோடு வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல வேணாம். ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊத்துறது நல்லது, ஏன்னா சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், முன்னாடியே ரொப்பிட்டா வழிஞ்சு தரையெல்லாம் ஆசிட் ஆயிடும். ரொம்ப வத்தி பிளேட் தெரிஞ்சா மட்டும் பிளேட் முங்கற அளவுக்கு கொஞ்சம் ஊத்தி, சார்ஜ் போட்டு, அப்புறம் மீதி. மே மாசம் மாதிரி வெயில்ல மாசம் ஒரு தடவ ஃப்ளோட்ட பாருங்க, மத்த நாள்ல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ போதும்.

சரி, நிஜமாவே பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு எப்படி தெரியும்? ஒரே லோட்ல பேக்கப் பாதிக்கு கீழ வந்து, தண்ணி ஊத்தி ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் திரும்பலன்னா அது முதல் அறிகுறி. சார்ஜ் அரை மணி ஒரு மணில ஃபுல்னு காட்டி, ஃபேன் போட்டதும் சரசரன்னு எறங்குனாலும் அதே தான். அப்புறம் ஆறு செல்லையும் தனித்தனியா பாருங்க. அஞ்சு செல் 1230ல நின்னு ஒண்ணு மட்டும் 1130ல நின்னா அந்த ஒரு செல் போச்சு, ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட், ஒண்ணு போனா மொத்த பேட்டரியும் போன கணக்கு தான். ஒரு செல் மட்டும் அடிக்கடி தண்ணி குடிக்கறது, அது மட்டும் சூடாகறது, பக்கவாட்டுல பெட்டி உப்பறது, அழுகுன முட்டை நாத்தம், இதெல்லாம் வந்தா யோசிக்காம மாத்துங்க, நாத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணி ஜன்னல திறந்து விடுங்க. ஆனா ஆறு செல்லும் ஒரே மாதிரி தண்ணி வேகமா வத்துனா பேட்டரிய குறை சொல்றதுக்கு முன்னாடி இன்வர்ட்டர் ஓவரா சார்ஜ் குடுக்குதான்னும் பார்க்கணும், இல்லாட்டி புது பேட்டரியும் அதே கதி தான். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருக்கறத காட்டி பயமுறுத்துவாங்க, சோடா மாவு கலந்த தண்ணில துடைச்சு வாஸ்லின் தடவுனா போதும்.

இப்போ அந்த பழைய பேட்டரி கதை. அப்பா எந்த சாமான் வாங்குனாலும் மார்க்கர்ல தேதி எழுதி வைப்பார். நாங்க டீ குடிக்கற கடைல கல்லாவுக்கு கீழ ஒரு பேட்டரி, அதோட பக்கவாட்டுல அப்பா கையெழுத்துல தேதி. கடைக்காரர் செகண்ட் ஹேண்ட்ல 7,000 குடுத்து வாங்குனாராம், "நல்லா நிக்குதுங்க, ரெண்டு ஃபேன் ஒரு லைட்டு, கவலையே இல்ல"ங்கறார். அவர என்ன சொல்றது, அவரும் காசு குடுத்து தான் வாங்கியிருக்கார். அந்த ஆள் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். வெள்ளைத்தாள் பில்ல வெச்சு ஸ்டேஷன்ல எழுதி குடுத்திருக்கோம்.

கேப்பீங்கன்னு தெரியும், ஏசில இருந்து சொட்டுற தண்ணி, ஆர்ஓ தண்ணி ஊத்தலாமான்னு. ஆர்ஓல உப்பு கம்மி ஆகும், போகாது. ஏசி தண்ணி காயில்ல இருக்கற தூசி, செம்பு, அலுமினியம் எல்லாத்தயும் கழுவிட்டு வருது. அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குனா ஒரு பேட்டரிக்கு பல மாசம் வரும், அதையே வாங்கிக்கோங்க.