MOD, ROW-உடன் மூன்று வருஷம்: மொத்தம் சரி, கணக்கு தப்பு

போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "நீ எக்செலில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கூட்டுகிற அந்த ஃபார்முலாவை இன்னும் வைத்திருக்கிறாயா? எனக்கு மூன்றில் ஒன்று வேணும்." அவள் மெஸ் நடத்துகிறாள். ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று மூன்று வரிசை. இரவுச் சாப்பாட்டு வசூலை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். "வைத்திருக்கிறேன், ஆனால்..." என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கணக்கு பால் கணக்கு. பொள்ளாச்சிப் பக்கம் அம்மா மாடு வைத்திருக்கிறார். காலைப் பால் சொசைட்டிக்கு, மாலைப் பால் ஒரு டீக்கடைக்கு. ஒரு நாளுக்கு இரண்டு வரிசை, மேலே காலை, கீழே மாலை. A-யில் தேதியை நானே முன்கூட்டி இரண்டிரண்டாக நிரப்பி வைத்துவிடுவேன். அம்மா போனில் B-யில் லிட்டரை மட்டும் அடிப்பார். மூன்று வருஷத்தில் 2,190 வரிசை ஆகிவிட்டது. டீக்கடைக்கு மாதம் ஒரு பில், லிட்டர் 50 ரூபாய்.

முதலில் நான் போட்டது எல்லோரும் போடுவதுதான். நாலு நாள் கணக்காகச் சுருக்கிக் காட்டுகிறேன். B2-இலிருந்து B9 வரை இப்படி: 8.5, 6, 8, 5.5, 9, 6, 8.5, 6.5.

```
=SUMPRODUCT((MOD(ROW(B2:B9),2)=0)*B2:B9)
```

ROW ஒவ்வொரு செல்லின் வரிசை எண்ணையும் எடுத்துத் தரும், MOD அதை இரண்டால் வகுத்து மீதியைச் சொல்லும். மீதி பொருந்தினால் 1, இல்லாவிட்டால் 0 என்று லிட்டரோடு பெருக்கி SUMPRODUCT கூட்டித் தரும். மீதி 0 என்றால் 2, 4, 6, 8-வது வரிசைகள், அதாவது காலை: 34 லிட்டர். 0-வை 1 ஆக்கினால் மாலை: 24. முதல் தடவை இது வேலை செய்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அதுவரை கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு அறுபது வரிசையில் முப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாவது மாதம் ஷீட்டின் உச்சியில் ஒரு வரிசை சேர்த்து 'பால் கணக்கு' என்று தலைப்பு எழுதினேன். எல்லாம் ஒரு படி கீழே இறங்கியது. ஃபார்முலாவும் சமர்த்தாக B3:B10 என்று மாறிக்கொண்டது. ஆனால் இப்போது காலைப் பால் ஒற்றைப்படை வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. காலை 24, மாலை 34 என்று அப்படியே இடம் மாறிவிட்டது. நல்லவேளையாக எங்கள் மாடுகள் மாலையில் குறைவாகத்தான் கறக்கும், அதனால் உடனே தெரிந்தது. மருந்தும் சுலபம்தான்:

```
=SUMPRODUCT((MOD(ROW(B2:B9)-ROW(B2),2)=0)*B2:B9)
```

முதல் செல்லின் வரிசை எண்ணைக் கழித்துவிட்டால் எண்ணிக்கை எப்போதும் 0-வில் தொடங்கும். உச்சியில் பத்து வரிசை சேர்த்தாலும் கவலை இல்லை. தோழியின் மூன்றில் ஒன்றுக்கும் இந்த வடிவம்தான் தோது: 2-க்குப் பதில் 3 போட்டால் காலைக்கு 0, மதியத்துக்கு 1, இரவுக்கு 2. கழிக்காமல் விட்டால் எந்த மீதி எந்த வேளை என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒரு ஃபார்முலா போட்டு, அந்தந்த மாதத்தின் முதல் செல்லைக் கழித்தால் ஒரு மாதத்துக் குழப்பம் அடுத்த மாதத்துக்குப் போகாது. அந்த முதல் செல் இருக்கும் வரிசையையே யாராவது அழித்தால் மட்டும் #REF! என்று வரும். வரட்டும். கத்துகிற தப்பை நான் மன்னித்துவிடுவேன்.

மன்னிக்க முடியாதது கத்தாத தப்பு. ஒரு மாதம் பில் அனுப்பியதும் டீக்கடை அண்ணன் போன் செய்தார். "தம்பி, அஞ்சு லிட்டர் கூட வருதே. நானும் நோட்டுல எழுதித்தான் வச்சிருக்கேன்." நான் விடவில்லை. காலையையும் மாலையையும் கூட்டினால் மொத்தம் அச்சு அசலாக வருகிறது என்றேன். சொசைட்டிச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

நடந்தது இது. ஒரு நாள் வீட்டில் விசேஷம், மாலைப் பால் முழுக்கப் பாயசத்துக்குப் போய்விட்டது. விற்காத பாலுக்கு வரிசை எதற்கு என்று அம்மா அந்த வரிசையையே அழித்துவிட்டார். மேலே உள்ள எண்களில் இரண்டாம் நாள் மாலையின் 5.5-ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள்: 8.5, 6, 8, 9, 6, 8.5, 6.5. உண்மையில் காலை 34, மாலை 18.5. ஃபார்முலா சொல்வது காலை 29, மாலை 23.5. அழித்த இடம் வரைக்கும் சரி, அதற்குக் கீழே காலை எல்லாம் மாலை, மாலை எல்லாம் காலை. மொத்தம் இரண்டு விதத்திலும் 52.5. மொத்தத்தை வைத்துச் சரிபார்த்தால் எந்தக் காலத்திலும் இது பிடிபடாது, ஏனென்றால் எந்த எண்ணும் தொலையவில்லை, தட்டு மட்டும் மாறியிருக்கிறது. இந்தத் தடவை காலைதான் அதிகம் என்ற பழைய அடையாளமும் உதவவில்லை. 29, 23.5 இரண்டும் பார்க்க ஒழுங்கான எண்கள்தான். அண்ணனுக்கு 250 ரூபாய் அதிகமாகப் பில் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் போட்டுக் கொடுத்த டீயில் எங்கள் பால்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "வெத்து வரிசை சும்மா கெடக்குதேன்னு எடுத்துட்டேன் கண்ணு" என்றார். அழிக்காதீங்க, வெறுமனே விடுங்க என்றேன். வெற்றுச் செல்லை ஃபார்முலா 0 என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை அவர் வெறுமனே விடாமல் 'இல்லை' என்று எழுதி வைத்தார். எழுத்தைப் பெருக்க முடியாதே, #VALUE! வந்தது.

இதற்கு ஒரு மாற்று வடிவம் உண்டு. பெருக்கல் குறிக்குப் பதில் காற்புள்ளி:

```
=SUMPRODUCT(--(MOD(ROW(B2:B9)-ROW(B2),2)=0),B2:B9)
```

இதில் எழுத்து வந்தால் 0 என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். நல்லதுதானே என்று மாற்றி வைத்தேன், அதிலும் சூடு பட்டேன். போனில் அடிக்கும்போது சில எண்கள் எழுத்தாகப் பதிவாகிவிடும். செல்லில் 6.5 என்றுதான் தெரியும், இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். பெருக்கல் வடிவம் அதை எண்ணாக்கிச் சேர்த்துவிடும். காற்புள்ளி வடிவம் சத்தமில்லாமல் விட்டுவிடும். நான் பெருக்கலுக்கே திரும்பிவிட்டேன். 'இல்லை' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று #VALUE! என்னைத் தேட வைக்கிறது, அவ்வளவுதான்.

அழிந்த வரிசைக்கு நான் கண்டுபிடித்த காவல் தேதிதான். காலை வரிசையின் தேதியும் அதற்கு அடுத்த வரிசையின் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

```
=SUMPRODUCT((MOD(ROW(A2:A9)-ROW(A2),2)=0)*(A2:A9<>A3:A10))
```

விடை 0 என்றால் எல்லாம் இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி இரண்டாம் நாள் மாலையை அழித்தால் 3 வரும். எந்த இடத்தில் வழுக்கியது என்று பார்க்க அதே MOD-ஐ நிபந்தனை வண்ணத்துக்கும் போட்டேன்: காலை வரிசைக்கு மட்டும் வெளிர் மஞ்சள். அழித்த இடத்திலிருந்து மஞ்சள் பட்டை தேதியோடு ஒட்டாமல் நகர்ந்து நிற்பது கண்ணிலேயே தெரியும். மூன்று வருஷத்தில் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது இந்த மஞ்சள்தான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சோம்பேறித்தனமாக B:B என்று முழு நெடுவரிசையையும் கொடுத்தால் தலைப்பில் உள்ள 'லிட்டர்' என்ற சொல்லே #VALUE! வரவழைக்கும். அதோடு எக்செல் 10,48,576 வரிசையையும் வகுத்துப் பார்க்கும், ஷீட் முக்கும். அப்புறம், ஃபில்டர் போட்டு மறைத்த வரிசையையும் இது கூட்டும். மறைந்திருந்தாலும் வரிசை எண் இருக்கத்தானே செய்கிறது. தேதி தவிர வேறு எதை வைத்து வரிசைப்படுத்தினாலும் கதை முடிந்தது, அதை நான் ஒரே ஒரு தடவை செய்தேன்.

இவ்வளவையும் கேட்ட தோழி ஒரே கேள்வி கேட்டாள். "தேதியை நீதானே முன்கூட்டி நிரப்புகிறாய்? பக்கத்திலேயே காலை, மாலை என்றும் நிரப்பிவிட்டால் என்ன?"

```
=SUMIF(C2:C9,"மாலை",B2:B9)
```

வரிசையை அழித்தாலும் 18.5. இடையில் சேர்த்தாலும் சரி, தலைகீழாக அடுக்கினாலும் சரி. 'இல்லை' என்று எழுதினாலும் பேசாமல் தாண்டிப் போகும். எழுத்தாகிப்போன எண்ணை மட்டும் இதுவும் விட்டுவிடும், அது ஒன்றைத்தான் என்னால் பதிலுக்குச் சொல்ல முடிந்தது. அதையும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன்.

யாரோ அனுப்பிய ஷீட், பக்கத்தில் எதுவும் எழுதக் கூடாது, ஒரு தடவை கூட்டிவிட்டு மூடப் போகிறோம் என்றால் MOD, ROW-ஐ விடக் கைக்கு வாகானது வேறு இல்லை. தினமும் ஒரு ஆள் கை வைக்கிற கணக்குக்கு அதைப் போடாதே, C-யில் வேளையை நிரப்பி SUMIF போடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

நான் இன்னும் மாற்றவில்லை. நேற்றும் அடுத்த மாதத்துக்கு 60 வரிசை தேதி நிரப்பி, பழைய ஃபார்முலாவையே இழுத்து விட்டேன். காவல் செல்லில் 0, மஞ்சள் பட்டை நேராக நிற்கிறது. அம்மா போன் செய்து, வியாழக்கிழமை மாடு மாலையில் கறக்கவில்லை, அந்த வரிசையை என்ன செய்யட்டும் என்று கேட்டார்.