189 வெள்ளிக்கு வாங்கிய அரிப்பு

பினாங்கு லிட்டில் இந்தியாப் பக்கம் கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மருந்தகத்தில் வேலை பார்க்கிற எனக்கே இந்தக் கதி.

எனக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. கடையில் அதைத்தான் முதலில் சொன்னேன். “சர்ஜிக்கல் ஸ்டீல் அக்கா, நிக்கலே கிடையாது. என் மகளும் இதைத்தான் போடுறா.” மகள் என்றதும் மனசு இளகி, 189 வெள்ளியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். அந்தப் பேச்சே பொய். சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கும் 316எல் ரகத்திலேயே 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. நல்ல ஸ்டீல் அதை எளிதில் வெளியே விடாது, அதனால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மட்டமான உலோகத்துக்கு மேலே முலாம் பூசியிருந்தால் கதை வேறு: முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டு நிக்கல் கரைந்து தோலில் இறங்கும். நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் வாரம் மணிக்கட்டின் உள்பக்கம் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாக அரித்தது. வார் பட்ட மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. கொக்கி உட்காரும் இடத்தில் மட்டும் அதே சதுரம், அச்சு எடுத்தாற்போல. வியர்வையும் சோப்பும் தேங்கி வரும் எரிச்சலென்றால் வார் முழுக்கப் பரவலாகச் சிவந்திருக்கும். நிக்கல் சோதனைத் திரவத்தை (டைமெத்தில்கிளையாக்சிம்) பஞ்சுக் குச்சியில் விட்டு, கொக்கியின் அடியில் அரை நிமிடம் தேய்த்தேன். பஞ்சு இளஞ்சிவப்பானது. பின்மூடியில் நிறமே மாறவில்லை. ஆக, குற்றவாளி கொக்கிதான்.

பஞ்சோடு கடைக்குப் போனேன். “வியர்வை அக்கா, கழுவிப் போடுங்க.” மறுநாள், “உங்க தோல் அப்படி.” மூன்றாவது தடவை, “மாற்றிக்கொள்ள ஏழு நாள்தான்.” முலாம் தேயவே மூன்று வாரம் ஆகிறதே, ஏழு நாளில் எப்படித் தெரியும்? ரசீதிலும் வெறும் ‘வாட்ச், 189’ என்றுதான் எழுதியிருந்தது.

வந்துவிட்டால் செய்ய வேண்டியது: உடனே கழற்றுங்கள், தோல் முழுக்க ஆறும்வரை அந்தக் கையில் எதுவும் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மருந்தாளரிடம் கேட்டு வாங்கி, மெல்லிசாக இரு வேளை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். இடையில் வாசனையில்லாத வாசலின். மஞ்சள், எலுமிச்சை, தலைவலித் தைலம் எதையும் பூசாதீர்கள், மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும். சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் வந்தால் கிளினிக்.

வாரை மட்டும் மாற்றினால் போதாது, புது வாரிலும் உலோகக் கொக்கிதான் வரும். ஒட்டுப்பட்டையுள்ள துணி வார் பாருங்கள். கொக்கியில் நகப்பூச்சு அடிப்பது சில நாள்தான் தாங்கும். ‘நிக்கல் இல்லை’ என்று ரசீதில் எழுதித் தராத கடையில் பணத்தை எடுக்காதீர்கள். நான் எழுதி வாங்கவில்லை, 189 வெள்ளி போச்சு.