செல்போனில் காது பரிசோதனை: பீப் ஆப்பா, எண் ஆப்பா, நேரே டாக்டரா?

ஒருநாள் குளித்துவிட்டு வந்ததும் வலது காது அடைத்துக்கொண்டது. உடனே டாக்டரிடம் போகாமல் நான்கு நாள் இலவச ஆப்களை இறக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலவச ஆப்களில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மெல்லிய பீப் சத்தம் கேட்டால் திரையைத் தொட வேண்டும். இன்னொன்று, இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்கள் சொல்லும், கேட்டதை அழுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட hearWHO இந்த இரண்டாவது வகைதான். இரண்டுக்கும் சில நிமிடங்கள் போதும், இயர்போன் வேண்டும், அறை அமைதியாக இருக்க வேண்டும்.

போனில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் எண் ஆப்பைத்தான் வைத்துக்கொள்வேன். காரணம், உங்கள் இயர்போனில் இருந்து எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்று சாதாரண ஆப்புக்குத் தெரியாது. கிளினிக்கில் இருக்கும் ஆடியோமீட்டரையும் அதன் ஹெட்போனையும் சேர்த்து அளந்து சரிசெய்து வைத்திருப்பார்கள், 30 என்று காட்டினால் அது 30. நம் போனில் அதே எண், இயர்போன் மாடலைப் பொறுத்தும் காதில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். போதாததற்கு மின்விசிறிச் சத்தம் 250, 500 ஹெர்ட்ஸ் பீப்களை விழுங்கிவிடும், காதுதான் கெட்டுவிட்டதோ என்று நாம் பயப்படுவோம். எண் ஆப்பில் இந்தத் தொல்லை குறைவு. குரலும் இரைச்சலும் ஒரே இயர்போன் வழியாகத்தான் வருகின்றன, சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அது அளப்பதும் அந்த விகிதத்தைத்தான். வயதாகும்போது மெதுவாகக் குறையும் கேட்கும் திறனைக் கண்டுபிடிக்க, அதாவது கூட்டத்தில் 'சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல' என்கிற வகைக்கு, இதுதான் பொருத்தம்.

ஆனால் என் விஷயத்தில் அதே ஆப் கோட்டைவிட்டது. காது அடைத்திருக்கும்போதே நல்ல மதிப்பெண் கொடுத்தது! யோசித்தால் காரணம் புரிகிறது. இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பியதால் நல்ல காது வேலையை முடித்துவிட்டது. அப்புறம், அடைப்பு என்பது குரலையும் இரைச்சலையும் ஒரே அளவில்தான் குறைக்கும், விகிதம் அப்படியே இருக்கும்.

பீப் ஆப் இங்கேதான் கைகொடுத்தது. பீப் கேட்க இடது காதுக்கு 20 டெசிபல் போதும், வலதுக்கு 45 வேண்டும் என்றது. வேறு இயர்போனில் பார்த்தேன், இடது 35, வலது 60. இரண்டு காதும் 15 டெசிபல் மோசமாகிவிட்டதாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள 25 மட்டும் மாறவில்லை. இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டேன், அப்போதும் என் வலது காதுதான் மந்தம். குறை இயர்போனோடு நகர்ந்திருந்தால் கோளாறு இயர்போனில், காதோடு நின்றதால் காதில். பீப் ஆப்பில் நான் நம்புவது இந்த வித்தியாசத்தை மட்டும்தான், அது காட்டும் எண்ணை அல்ல.

சில இயர்பட்களில் பரிசோதனை உள்ளேயே வருகிறது, AirPods Pro 2 மாதிரி. எந்த இயர்பட் என்று போனுக்குத் தெரிவதால் அளவீட்டுத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது நாள் கிளினிக்கில் இடது 10, வலது 35. வித்தியாசம் அதே 25. ஆனால் எந்த ஆப்பும் செய்யாத ஒன்றை அங்கே செய்தார்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்து, நல்ல காதுக்குள் இரைச்சல் விட்டு, வலது காதை மட்டும் தனியாக அளந்தார்கள். 10 வந்தது. எலும்பு வழியாகப் போகும் அதிர்வு அடைப்பைத் தாண்டி நேரே உள்காதுக்குப் போய்விடும். அதனால் எலும்பு வழியாக 10, காற்று வழியாக 35 என்றால் நரம்பு நன்றாக இருக்கிறது, வழியில்தான் ஏதோ தடை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் குறும்பி, குளித்த தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. எடுத்தபின் வலதும் 10.

டாக்டர் சிரிக்கவில்லை. "எலும்பு வழியாகவும் 35 வந்திருந்தா நரம்புப் பிரச்சினைங்க. அதுக்கு ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, ரெண்டு வாரத்துக்கு மேல போனா பலன் குறைஞ்சிடும். நாலு நாளை வீணாக்கியிருக்கீங்களே" என்றார். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி 'காது அடைப்பு'தான், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரே காதில் திடீரென, அல்லது மூன்று நாளுக்குள், கேட்பது குறைந்தால் ஆப்பைத் திறக்கவே வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். ஒரு காதில் மட்டும் விடாத இரைச்சல், தலைசுற்றல், சீழ், வலி இருந்தாலும் டாக்டர்தான். ஆப் 'நார்மல்' என்று சொல்லியும் வீட்டில் இருப்பவர்கள் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களா, நான் அவர்கள் பக்கம்தான்.