அம்மாவின் பிறந்தநாள் வாழ்த்தை ஆங்கிலத்தில் அனுப்ப: சொல்லுக்குச் சொல்லா, கருத்துக்கா?

தமிழ் தெரியாத என் தோழிக்கு அம்மா எழுதித் தந்த வாழ்த்து: "நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு. வேளாவேளைக்குச் சாப்பிடு."

சொல்லுக்குச் சொல் மாற்றினால் இரண்டு இடங்களில் தடுக்கும். பிறந்தநாளில் "டிசீஸ்" என்று படித்ததும் அவளுக்கு உடல்நிலை பற்றிய கவலை போலத் தோன்றும். "கண்ணு" வெறும் உடல் உறுப்பாகிவிடும். நூறு வருஷம் மட்டும் அப்படியே போகலாம், ஆங்கிலத்திலும் அது புரியும்.

கருத்தைப் பிடித்து எழுதினால், நோயில்லாமல் என்பது "குட் ஹெல்த்" ஆகும், கண்ணு "மை டியர்" ஆகும். படிக்க இயல்பாக இருக்கும். ஆனால் இதிலும் ஓர் இழப்பு உண்டு. "ஐ விஷ் யூ" என்று தொடங்கினால் சம வயதினர் சொல்வது போல ஆகிவிடும். அம்மா சொன்னது வாழ்த்து மட்டும் இல்லை, பெரியவர் தரும் ஆசீர்வாதம். அதனால் "மை மதர் செண்ட்ஸ் யூ ஹர் ப்ளெஸ்ஸிங்ஸ்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், சாப்பாட்டு வரி. "டேக் கேர்" என்று சுருக்கத் தோன்றும், சுருக்கக் கூடாது. அம்மாவின் குரல் அதில்தான் இருக்கிறது. "ஷீ ஆல்ஸோ சேஸ், ப்ளீஸ் ஈட் ஆன் டைம்" என்றே எழுதலாம்.

என் தேர்வு இரண்டாவதுதான். "கண்ணு" என்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டு, செல்லமாகக் கூப்பிடும் சொல் என்று பக்கத்தில் எழுதிவிடுவேன்.