வாட்ஸ்அப்பில் வந்த ரூஃப் கம்பிப் படம்: வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

நான் தோஹாவில் வேலை பார்க்கிறேன். தஞ்சாவூருக்கு வெளியே 1,000 சதுர அடியில் வீடு கட்ட ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போட்டேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அவர் படம் அனுப்புவார், நான் பணம் போடுவேன். பேஸ்மட்டம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

டிசம்பர் 18 அன்று மூன்று படங்கள் வந்தன. "ரூஃப் கம்பி கட்டியாச்சு சார், நாளைக்கு கான்கிரீட். இன்னிக்கே 4,20,000 போட்டுவிடுங்க." படத்தின் அடியில் தேதி, மதியம் 12:10, எங்கள் ஊர்ப் பெயர், வரைபடம் எல்லாம் அச்சாகியிருந்தது. அந்த முத்திரையைப் பார்த்ததும் வங்கி ஆப்பைத் திறந்துவிட்டேன்.

நிறுத்தியது ஒரு நிழல். கம்பி கட்டுகிறவர் ஒருவர், கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் ஷீட் மேல் நல்ல வெயிலில் நேராக நிற்கிறார். அவர் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. டிசம்பரில் எங்கள் ஊரில் உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். ஐந்தரை அடி ஆளுக்கு வடக்குப் பக்கமாக மூன்றரை அடிக்கு மேல் நிழல் நீள வேண்டும். காலடியில் நிழல் விழுவது சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில்தான். தஞ்சாவூர்ப் பக்கம் அது ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும், ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டியும் நடக்கும்.

சரி, கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. இணையத்தில் ஏறாத படம் அதில் சிக்காது. அப்புறம் அவரோடு பேசிய வாட்ஸ்அப்பையே மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஆகஸ்ட் 23-ல், ஒப்பந்தத்துக்கு முன்னால், "நம்ம இன்னொரு சைட் வேலை பாருங்க சார்" என்று அனுப்பிய படங்கள் இருந்தன. அதே ஆள், அதே பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, பின்னால் அதே நீலத் தண்ணீர்த் தொட்டி. இரண்டடி தள்ளி நின்று எடுத்த அடுத்த படம்தான் இப்போது என் வீடாக வந்திருக்கிறது.

"கேமராவில் எடுத்தபடியே டாக்குமெண்டாக அனுப்புங்கண்ணே" என்றேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த தேதி உள்ளிட்ட உள்விவரம் அழிந்துவிடும். டாக்குமெண்டாக வந்தால் DateTimeOriginal என்ற, படம் எடுத்த நேரத்தின் பதிவு அப்படியே இருக்கும். அதையும் மாற்ற முடியும், போனின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலே போதும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. படத்தின் மேல் விழும் முத்திரை இன்னும் மோசம். சில ஆப்களில் தேதியையும் இடத்தையும் நாமே போடலாம், பழைய படத்திலும் ஒட்டலாம். அவர் அனுப்பவே இல்லை. "கேலரியில அழிஞ்சுபோச்சு சார்" என்றார்.

மறுநாள் வேறு மூன்று படங்கள் வந்தன, ஹால், படுக்கையறை, சமையலறை என்று. மூன்றிலும் ஒரு ஷீட்டின் ஓரம் ஒரே மாதிரி மடங்கியிருந்தது. ஒரே மூலையை மூன்று பக்கமிருந்து எடுத்திருக்கிறார்.

என் மச்சானை அனுப்பினேன். அங்கே ஒரு அறைக்கு மட்டும் ஷீட் அடித்து, கட்டுக்கம்பி போடாமல் கம்பியை வெறுமனே பரப்பி வைத்திருந்தது. அதைவிட என்னை நோகடித்தது, கதவு ஜன்னலுக்கு மேலே உத்தரம் போடும் லிண்டல் கட்டம். முன் சுவரும் பக்கச் சுவரும் லிண்டல் மட்டத்துக்கு ஏறியிருக்க, பின் அறைகள் ஜன்னலடி மட்டத்திலேயே நின்றன. அந்தக் கட்டத்துக்கு 2,80,000 கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அன்று வந்த நான்கு படங்களும் தெருவிலிருந்து எடுத்தவை. பின்பக்கம் ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்கவில்லை.

ரூஃப் கட்டத்தில் ஏமாந்தால் சரிசெய்ய வழி கிடையாது. கான்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே என்ன கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, கம்பி ஷீட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கீழே வைத்தார்களா என்று எந்தப் படமும் காட்டாது. கொட்டுவதற்கு முன்னால் பார்த்தால்தான் உண்டு.

இப்போது வேறு மேஸ்திரி வேலை செய்கிறார். படம் கேட்கும் காலையில் நான் ஒரு நான்கு இலக்க எண் அனுப்புவேன். அதைச் சாக்பீஸால் தூணில் எழுதி, கம்பி மேல் அளவு டேப்பை விரித்து வைத்து எடுக்க வேண்டும். பிறகு வீடியோ காலில் பக்கத்து வீட்டு கேட்டிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல் பின்பக்கம் வரை நடந்து காட்ட வேண்டும். ரூஃபுக்கு மட்டும் ஒரு இன்ஜினியர் நேரில் போய்ப் பார்த்தார், 2,000 ரூபாய் வாங்கினார். அவர் சொன்ன பிறகுதான் பணம் போட்டேன்.

பழைய ஆளிடமிருந்து பின் சுவர்களுக்கான 1,10,000 இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தில் "லிண்டல் முடிந்ததும்" என்று மட்டும் இருந்தது. எல்லா அறைகளிலும் என்று எழுதவில்லை. வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.