மங்கல் கண்ணாடிப் புட்டியில் வந்த பழுப்புச் சீரம்: சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கவனத்திற்கு

சென்ற மாதம் 89 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய வைட்டமின் சி சீரத்தைப் பற்றி, எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அதே புட்டி இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், இதை எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரை வெளியிடவில்லை. புலனத்தில் வந்த படத்தைச் சொன்னாலே பலருக்குப் புரிந்துவிடும்: சாம்பல் நிறக் கல்லின்மேல் மங்கல் கண்ணாடிப் புட்டி, அதன்மேல் டிராப்பரின் நுனியில் தொங்கும் ஒரு பளபளப்பான துளி.

அந்தத் துளியைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். துளி உருண்டு திரண்டு நிற்பதற்குக் காரணம் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையும் அதைக் கெட்டியாக்கும் பசைப்பொருளும்தானே தவிர, உள்ளே வைட்டமின் சி இருக்கிறதா, அது கெடாமல் இருக்கிறதா என்பதற்கும் அந்தப் பளபளப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மங்கல் கண்ணாடியோ உள்ளிருக்கும் நிறத்தை மறைக்கிறது. ஆனால் ஒளியைப் போதிய அளவு தடுப்பதில்லை. வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடும் என்பதால்தான் அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் அடர்பழுப்புக் கண்ணாடியையோ காற்றுப் புகாத பம்பையோ தேர்ந்தெடுக்கிறார்கள். டிராப்பரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய காற்று உள்ளே போகிறது. தகரக் கூரையின் கீழ் மதிய வெயிலில் கிடக்கும் புட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

முதல் நாள் இரவு விளக்கொளியில் கவனிக்காமல் பூசிக்கொண்டேன். மறுநாள் காலையில் தலையணை உறையில் செம்மஞ்சள் கறை தெரிந்தது; விரல் நுனிகளும் மருதாணி வெளிறியதுபோல் இருந்தன. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஐந்து துளிகள் விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டிய திரவம் தே-ஓ நிறத்தில் இருந்தது. துருப்பிடித்த ஆணியின் வாடையும் வந்தது. டிராப்பரின் ரப்பர் குமிழ் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. அப்பா பால்மரம் வெட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். நாள்பட்ட ரப்பர் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்பனையாளரைக் கேட்டபோது, "அது இயற்கைச் சாற்றின் நிறம் அக்கா, எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்றார். இவ்வகைச் சீரம் அமிலத்தன்மை மிக்கது, அதாவது அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 3.5க்குக் கீழே இருக்கும் என்பதால் பூசியவுடன் இலேசாகச் சுருக்கென்பது உண்டு; அந்த அரை உண்மையை நம்பி மேலும் மூன்று இரவுகள் பூசியது என் மடத்தனம். கன்னம் சிவந்து தோல் உரியத் தொடங்கியபின் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். எரிச்சலால் வந்த தோல் அழற்சி என்று சொன்ன மருத்துவர், சீரத்தை உடனே நிறுத்தச் சொன்னார்.

பிறகுதான் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். காலாவதித் தேதி ஒரு சிறிய ஒட்டுத்தாளில் இருந்தது. அதை நீராவியில் காட்டி உரித்தபோது, கீழே அச்சிட்டிருந்த தேதி கடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. NOT என்று தொடங்கி K என்று முடியும் அறிவிப்பு எண்ணும் பெட்டியில் இருந்தது. மருந்துகளையும் அழகுசாதனப் பொருள்களையும் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பின் npra.gov.my தளத்தில், QUEST3+ தேடலில், அந்த எண்ணை இட்டால் பொருளின் பெயரும் அறிவித்த நிறுவனத்தின் பெயரும் வரும். எனக்கு வந்ததோ வேறொரு நிறுவனத்தின் ஷாம்பூ. எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பெட்டியில் உள்ள பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒத்துப்போனாலும், அழகுசாதனத்துக்கு அது ஓர் அறிவிப்பு மட்டுமே. அந்தப் பொருள் பலன் தரும் என்று அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்பனையாளர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில் கோரிக்கை பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரையும் முகவரியையும் பாரத்தில் நிரப்ப வேண்டும். என்னிடம் இருந்தவை ஒரு கைத்தொலைபேசி எண், வங்கிக் கணக்கில் தெரிந்த ஒரு பெயர், சில உரையாடல் படங்கள், இவ்வளவுதான். பணம் அனுப்புவதற்கு முன்பே கடை முகவரியைக் கேட்டிருந்தால், இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

புட்டியையும் பெட்டியையும் உரித்த ஒட்டுத்தாளையும் மாநில மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படைத்துப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே கல், அதே துளி உள்ள படத்தை நேற்றும் என் அண்ணிக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். இப்போது விலை 69 வெள்ளி.