ஃபிக்ஸட் எஃபெக்டா, ரேண்டம் எஃபெக்ட்ஸா?

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுக்கும் மெட்டா அனாலிசிஸில் எந்த மாதிரியைப் பயன்படுத்துவது? காரைக்குடி ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாரடைப்புக்கு மெக்னீசியம் கொடுத்த ஆய்வுகளைப் பாருங்கள். சிறிய ஆய்வுகள் பலவற்றில் மரணம் குறைந்தது. 1995இல் வந்த ஐசிஸ்-4 என்ற பெரிய ஆய்வு, சுமார் 58,000 பேரிடம் பலன் எதையும் காணவில்லை.

ஃபிக்ஸட் மாதிரிக்கு உண்மை விளைவு ஒன்றுதான், எடை `1/v`. உதாரணத்துக்கு, பெரிய ஆய்வின் மாறுபாடு `v` 0.01, சிறியதற்கு 0.25 என்றால் எடை 100, 4. பெரியதே தீர்மானிக்கும். ரேண்டம் மாதிரியோ ஆய்வுகளுக்கிடையிலான மாறுபாட்டையும் கூட்டுகிறது. அதுவும் 0.25 என்றால் எடை 3.85, 2. சிறிய ஆய்வின் குரல் ஓங்கிவிடும். மடக்கை விளைவு பெரியதில் 0, அதாவது பலனில்லை, சிறியதில் −1, அதாவது மரணம் குறைவு என்றால் கூட்டு மதிப்பு −0.04இலிருந்து −0.34க்கு நகரும்!

பலன் காட்டாத சிறிய ஆய்வுகள் வெளிவராமல் போயிருந்தால் ரேண்டம் மாதிரி அந்தச் சாய்வையே பெரிதாக்கும். அதனால் இரண்டையும் ஓட்டுங்கள். விடைகள் விலகினால், அப்புறம் ஒவ்வொரு ஆய்வின் விளைவையும் அதன் துல்லியத்தோடு சேர்த்துக் காட்டும் புனல் வரைபடத்தைப் பாருங்கள்.